கோயில் நிர்வாகத்தைப் பற்றிப் பக்தர் பொதுவெளியில் குறை சொன்னால் பதில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோயில் அலுவலகத்தில் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் கம்ப்யூட்டர் தெரிந்த எழுத்தர் தலையில்தான் விழும். திருவிழாப் படங்கள் போடும் வரைக்கும் சிக்கல் இல்லை. ஒரு பக்தர் ரசீதைப் படமெடுத்துப் போட்டு "காசு எங்கே போச்சு?" என்று கேட்கும் நாளில்தான் கை நடுங்கும். அந்த நாளுக்கான வழிகாட்டி இது. அறநிலையத் துறைக் கட்டுப்பாட்டில் செயல் அலுவலர் உள்ள நடுத்தரக் கோயிலை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஊர்க் குழு நடத்தும் கோயில் என்றால் செயல் அலுவலர் என்ற இடத்தில் தலைவர் அல்லது அறங்காவலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் வரிசை மாறாது.

ஒரே உதாரணத்தைக் கடைசி வரைக்கும் எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரிப் புகார் எல்லாக் கோயிலுக்கும் வரும் என்பதால் பல சம்பவங்களைச் சேர்த்து, தேதி, தொகை எல்லாம் போட்டு நான் அமைத்தது. ஒரு ஞாயிறு இரவு பக்தர் இப்படி எழுதுகிறார்:

"அப்பா நினைவு நாளுக்கு அன்னதானத்துக்கு 5,000 ரூபாய் கட்டினேன். இன்னிக்குக் குடும்பத்தோட போனா போர்டுல அப்பா பேரே இல்ல. 12.50-க்கு சாப்பாடு முடிஞ்சுபோச்சுன்னு கதவைச் சாத்திட்டாங்க. கவுன்டர்ல கேட்டா, சிரிச்சுக்கிட்டே அப்புறம் வாங்கங்கிறார். ரசீது கீழே இருக்கு. கொடுத்த காசு யார் பாக்கெட்டுக்குப் போச்சு? உண்டியல்ல போடாதீங்க மக்களே."

1. முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை

புகார் வந்த பிறகு "யார் பதில் போடுவது?" என்று பேசத் தொடங்கினால் அதிலேயே இரண்டு நாள் போய்விடும். அதனால் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி, செயல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பதிலை யார் எழுதுவார், யார் ஒப்புதல் தருவார் என்பது. எழுதுபவரே ஒப்புதலும் தரக்கூடாது. இரண்டாவது, எந்தக் கணக்கிலிருந்து பதில் போகும் என்பது. கோயிலின் அதிகாரபூர்வப் பக்கம் ஒன்று மட்டும்தான் பேச வேண்டும். ஊழியர்களும் குருக்களின் உறவினர்களும் அவரவர் சொந்தக் கணக்கிலிருந்து பக்தரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்பதை வாய்மொழியாகச் சொன்னால் போதாது, சுற்றறிக்கையாகவே கொடுங்கள். எழுத்தர் உணர்ச்சிவசப்பட்டுத் தன் கணக்கில் போட்ட ஒரு வரியை மறுநாள் எல்லோரும் "கோயில் நிர்வாகம் திமிராகப் பதில்" என்றுதான் பகிர்வார்கள்.

மூன்றாவது, பதிவேடுகளைப் பார்க்கும் அனுமதி. நன்கொடை ரசீதின் அடிக்கட்டை, ரொக்கப் புத்தகம், வங்கியில் கட்டிய சலான், அன்னதானப் பதிவேடு ஆகியவற்றை எழுதுபவர் கேட்டால் கணக்கர் அன்றே காட்ட வேண்டும். இது இல்லாவிட்டால் பதிலில் எழுத உங்களிடம் நல்ல வார்த்தைகளைத் தவிர வேறொன்றும் இருக்காது.

2. முதலில் படம் எடுத்து வையுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்

பதிவு, அதிலுள்ள படங்கள், அதுவரை வந்த கருத்துகள், நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பக்தர் பிறகு பதிவைத் திருத்தலாம், நீக்கவும் நீக்கலாம். எந்த வாசகத்துக்குப் பதில் சொன்னோம் என்பது கோப்பில் இருக்க வேண்டும்.

பதிவு உங்கள் பக்கத்திலேயே கருத்தாக வந்திருந்தால், அதை மறைக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. ஃபேஸ்புக்கில் கருத்தை மறைத்தாலும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் கண்ணுக்கு அமைதியாக இருக்கிற இடத்தில், அவருடைய ஊர்க்காரர்கள் நாற்பது பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். மறைத்தது தெரிந்தால் புகார் இரண்டாகிவிடும்.

ஒரே ஒரு அவசரம் உண்டு. ரசீதில் பக்தரின் கைப்பேசி எண், கோத்திரம், நட்சத்திரம், முகவரி எல்லாம் அச்சாகியிருக்கும். படத்தில் அவை தெரிந்தால், "ரசீதில் உங்கள் எண் தெரிகிறது, மறைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்" என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். பதிவை நீக்கச் சொல்லாதீர்கள், மீண்டும் போடத்தான் சொல்லுங்கள். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பக்தர் நிச்சயம் கவனிப்பார்.

அப்புறம், அன்றே கண்காணிப்புக் கேமரா பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கோயில்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துவிடும். விசாரணை நீண்டால் சான்று போய்விடும். அது நிர்வாகமே அழித்தது போலத்தான் வெளியே தெரியும்.

3. முதல் பதில்: நான்கு வரி, ஒரு தேதி

முழுப் பதிலுக்கு நாட்கள் ஆகும், ஆகட்டும். அதுவரை மௌனமாக இருக்க முடியாது. அடுத்த வேலை நாள் காலையிலேயே, பதிவின் கீழேயே, இப்படி எழுதலாம்:

"வணக்கம் ஐயா. தங்கள் பதிவைப் பார்த்தோம். 9.11.2025 அன்னதானம், தங்கள் நன்கொடை ரசீது, கவுன்டரில் நடந்தது ஆகிய மூன்றையும் பதிவேடுகளோடு சரிபார்க்கிறோம். வியாழன் (13.11.2025) மாலைக்குள் இதே இடத்தில் விவரமாகப் பதில் எழுதுவோம். செயல் அலுவலர்."

எவற்றைப் பார்க்கிறோம் என்று பெயர் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். "தங்கள் புகார் பரிசீலிக்கப்படும்" என்று எழுதினால் படிக்கவே இல்லை என்றுதான் அர்த்தமாகும். தேதியும் நேரமும் கொடுப்பது உங்களுக்கும் நல்லது. பதில் எப்போது என்று தெரிந்தால் பக்தர் தினமும் வந்து கேட்க மாட்டார், நீங்களும் நெருக்கடியில் எதையாவது எழுத மாட்டீர்கள். தேதி போடும்போது ஒரு நாள் கூட்டியே போடுங்கள். கணக்கர் விடுப்பில் இருப்பார், இணைய வங்கி அன்றைக்குத்தான் வேலை செய்யாது, பிரதோஷம் வேறு குறுக்கே வரும்.

இந்த முதல் பதிலில் மன்னிப்பும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம். இரண்டுக்கும் இன்னும் ஆதாரம் இல்லை. "அப்படி நடக்க வாய்ப்பே இல்லை" என்று திங்கட்கிழமை எழுதிவிட்டு வியாழக்கிழமை பதிவேட்டைப் பார்த்து விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. பதிவைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

வெள்ளைத்தாளில் பக்தரின் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். நம் உதாரணத்தில் ஆறு இருக்கின்றன: 5,000 ரூபாய் கட்டினேன், பலகையில் பெயர் இல்லை, 12.50-க்கு உணவு முடிந்தது, கவுன்டரில் அலட்சியமாகப் பேசினார், காசு யார் பாக்கெட்டுக்குப் போனது, உண்டியலில் போடாதீர்கள்.

முதல் மூன்றும் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். நான்காவது ஓர் ஊழியரின் நடத்தை பற்றியது, பாதிதான் சரிபார்க்க முடியும். ஐந்தாவது குற்றச்சாட்டு, ஆனால் கேள்வியாக வந்திருக்கிறது. பணம் போன வழியைக் காட்டினாலே அதற்குப் பதில் கிடைத்துவிடும். ஆறாவது அவருடைய கருத்து. அதற்குப் பதில் சொல்லவே கூடாது.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? முழுப் பதிவையும் ஒரே மூச்சில் படித்தால் மனம் கடைசி வரியில்தான் நிற்கும். உண்டியலைப் பற்றிச் சொன்னதற்குச் சூடாக ஒரு பத்தி எழுதிவிட்டு, 5,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்ட பதில்கள் நிறைய உண்டு. படிக்கிற மூன்றாவது ஆள் காசைப் பற்றித்தான் தேடுவார்.

இந்தக் கட்டத்தில் அலுவலகத்தில் யாராவது "இவர் எந்தக் கட்சி, போன வருஷமும் தகராறு பண்ணினாரே" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஆராய்ச்சி வேண்டாம். ரசீது உண்மையா, பணம் எங்கே என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த வாடை பதிலில் லேசாக அடித்தாலும் போச்சு.

5. முதலில் பதிவேடு, அப்புறம் ஆள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். புகார் வந்ததும் பெரும்பாலோர் நேராகக் கவுன்டருக்குப் போய் "என்னப்பா நடந்தது?" என்று கேட்கிறார்கள். அவர் தன்னைக் காத்துக்கொள்ளும் விதமாக ஒன்று சொல்வார், அது மனிதர் இயல்பு. அதைக் கேட்ட பிறகு பதிவேட்டைப் பார்த்தால், அவர் சொன்னதற்குப் பொருந்துவதை மட்டும் கண் தேடும். அதனால் காகிதத்திலிருந்து தொடங்குங்கள்.

ரசீது எண்ணை வைத்து அடிக்கட்டையை எடுங்கள். கணினி ரசீது என்றால் அந்த நாள் வசூல் அறிக்கையை எடுங்கள். நம் உதாரணத்தில் 27.10.2025 அன்று 5,000 ரூபாய் வரவு இருக்கிறது. ஆனால் இனம் என்ற இடத்தில் "அன்னதானம்" என்று இல்லை, "பொது நன்கொடை" என்று இருக்கிறது. பக்தர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதிலும் அப்படித்தான். அவர் கவனிக்கவில்லை, நீங்களும் முதல் பார்வையில் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அடுத்து ரொக்கப் புத்தகம். 27-ஆம் தேதி மொத்த வசூலில் இந்த ரசீது சேர்ந்திருக்கிறதா? மறுநாள் வங்கியில் கட்டிய சலானின் தொகை அந்த மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகிறது. பணம் கோயில் கணக்குக்கு வந்துவிட்டது, ஆனால் அன்னதானக் கணக்குக்குப் பதில் பொதுக் கணக்கில் இருக்கிறது. பலகையில் பெயர் இல்லாததற்குக் காரணமும் இதுதான். பலகை எழுதுபவர் அன்னதானப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுவார், அதில் இந்தப் பெயர் ஏறவே இல்லை. ஒரே பிழைதான் இரண்டு புகாராக வெளிப்பட்டிருக்கிறது. இப்படி முடிச்சு அவிழும் இடம் வரைக்கும் போகாமல் எழுதத் தொடங்காதீர்கள்.

மூன்றாவதாக அன்னதானப் பதிவேடு. அந்தக் கோயிலில் தினமும் 100 பேருக்கு அனுமதி. ஞாயிறன்று 12 மணிக்குப் பந்தி தொடங்கி, 12.35-க்கு நூறாவது டோக்கன் கொடுக்கப்பட்டிருக்கிறது. பக்தர் சொன்ன 12.50 சரிதான். உணவு குறைவாகச் சமைத்தார்கள் என்று யாராவது கருத்தில் கேட்பார்கள் என்பதால், அன்றைக்குப் பண்டசாலையிலிருந்து மடைப்பள்ளிக்குக் கொடுத்த அரிசி அளவையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் எழுத வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் ஆட்கள். கவுன்டர் ஊழியரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள், அவர் சொன்னதை எழுதி வாங்குங்கள். கேமராவில் பேச்சு பதிவாகவில்லை. இருவரும் பேசுவது தெரிகிறது, என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. அப்படியானால் பதிலில் அதையே எழுத வேண்டும். ஊழியருக்காக "அப்படிப் பேசவில்லை" என்று சாட்சி சொல்லவும் கூடாது, அவரைப் பலி கொடுக்கவும் கூடாது.

கணக்கு ஆண்டைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுக் கோயில் கணக்குகள் பசலி ஆண்டில் ஓடுகின்றன, அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. பக்தர் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று நினைத்துக் கூட்டிப் பார்த்து "கணக்கு உதைக்கிறது" என்பார். பதிலில் பசலி எண்ணை மட்டும் போடாமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிவிடுங்கள். கட்டளை நன்கொடையிலும் இதே போன்ற குழப்பம் வரும். அசல் வைப்பில் இருக்கும், வட்டியில்தான் அந்த நாள் பூஜையோ அன்னதானமோ நடக்கும். 50,000 கொடுத்தவர் 50,000-க்கும் செலவுக் கணக்கு கேட்பார். அவர் மேல் தப்பில்லை, ரசீது கொடுத்த அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

6. பக்தரோடு பேசுவது

விவரம் போதவில்லை என்றால் தொலைபேசியில் பேசலாம். நம் உதாரணத்தில் ஒரே ஒரு கேள்வி மிச்சம்: பணம் கட்டும்போது அன்னதானத்துக்கு என்று வாயால் சொன்னாரா, எழுதிக் கொடுத்தாரா? அதைக் கேளுங்கள், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

அந்த அழைப்பில் பதிவை எடுக்கச் சொல்லாதீர்கள், ஜாடையாகக்கூட வேண்டாம். அறங்காவலர் ஒருவரோ, பக்தருக்குத் தெரிந்த ஊர்ப் பெரியவரோ "நான் பேசி எடுக்க வைக்கிறேன்" என்று முன்வருவார்கள். மறுத்துவிடுங்கள். "நிர்வாகம் ஆள் வைத்து மிரட்டுகிறது" என்ற அடுத்த பதிவு அங்கிருந்துதான் பிறக்கும். பேசியதைப் பொதுப் பதிலிலும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மறைவாக ஏதோ முடித்துக்கொண்டார்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

7. முழுப் பதிலை எழுதுவது

வரிசை இதுதான்: பணம், பிறகு பிழை, பிறகு மற்றக் கூற்றுகள், பிறகு என்ன செய்கிறோம் என்பது தேதியோடு. பக்தர் எழுதிய வரிசை வேறாக இருந்தாலும் பணத்திலிருந்தே தொடங்குங்கள். படிப்பவர்கள் மனதில் தொக்கி நிற்கும் கேள்வி அதுதான், அது தீரும் வரை மற்றது காதில் ஏறாது. உதாரணத்துக்கான பதில்:

"வணக்கம் ஐயா. திங்களன்று சொன்னபடி விவரங்களைச் சரிபார்த்துவிட்டோம். விளக்கம் கேட்கத் தங்களோடு புதன்கிழமை தொலைபேசியிலும் பேசினோம்.

தாங்கள் 27.10.2025 அன்று செலுத்திய 5,000 ரூபாய் அன்றைய வசூலில் வரவு வைக்கப்பட்டு, 28.10.2025 அன்று கோயிலின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் ரசீது போடும்போது 'அன்னதானம்' என்பதற்குப் பதில் 'பொது நன்கொடை' என்று பதிந்துவிட்டோம். இது எங்கள் கவுன்டரில் நடந்த பிழை. அன்னதானப் பதிவேட்டில் தங்கள் தந்தையார் பெயர் ஏறாததற்கும், பலகையில் எழுதப்படாததற்கும் இதுவே காரணம். நினைவு நாளில் குடும்பத்தோடு வந்து ஏமாந்து திரும்ப நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அன்று உணவு 12.50-க்கு முன்பே முடிந்தது என்று தாங்கள் சொன்னது சரி. இங்கே நாளொன்றுக்கு 100 பேருக்கு அனுமதி இருக்கிறது. நூறாவது டோக்கன் 12.35-க்குக் கொடுக்கப்பட்டது. இந்த எண்ணிக்கை வாசலில் எழுதி வைக்கப்படவில்லை. நேற்று எழுதி வைத்துவிட்டோம்.

கவுன்டரில் பேசியது பற்றி: ஊழியரிடம் விசாரித்தோம், கேமரா பதிவையும் பார்த்தோம். அதில் ஒலி இல்லாததால் பேசிய வார்த்தைகளை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை. ரசீதோடு வந்து கேட்பவரைத் திருப்பி அனுப்பாமல் அலுவலகத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று கவுன்டர் ஊழியர்கள் அனைவருக்கும் எழுத்தில் அறிவுறுத்தியிருக்கிறோம்.

தொகையை அன்னதானக் கணக்குக்கு மாற்றும் உத்தரவு 20.11.2025-க்குள் முடியும். முடிந்ததும் இங்கேயே தெரிவிப்போம். தங்கள் தந்தையார் பெயரில் அன்னதானம் எந்த நாளில் நடக்க வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லுங்கள். இங்கே ஒரு நாள் அன்னதானத்துக்கு 3,500 ரூபாய். மீதி 1,500 ரூபாயை அன்னதானத்துக்கே வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்பதும் தங்கள் விருப்பம். பதிவேடுகளை நேரில் பார்க்க விரும்பினால் வேலை நாட்களில் காலை 10 முதல் 1 மணிக்குள் அலுவலகத்துக்கு வாருங்கள். செயல் அலுவலர்."

சில இடங்களை மட்டும் விளக்குகிறேன். "எங்கள் கவுன்டரில் நடந்த பிழை" என்று எழுதியிருக்கிறது. "பிழை ஏற்பட்டுள்ளது" என்று எழுதினால் அது வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கும். ஊழியரின் பெயரோ பதவியோ இல்லை, ஏனென்றால் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. ஒழுங்கு நடவடிக்கை இருந்தால் அது அலுவலகத்துக்குள் நடக்க வேண்டியது.

மன்னிப்பு எதற்கு என்பது குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. "ஏதேனும் மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் பக்தருக்கு இரண்டாவது முறை கோபம் வரும். வருத்தம் ஏற்பட்டதா என்றே சந்தேகப்படுகிற வாக்கியம் அது.

தேதியைப் பக்தரிடமே கேட்டிருக்கிறோம். நல்லெண்ணத்தில் "வரும் ஞாயிறு நடத்திவிடுகிறோம்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அது அவருடைய தந்தைக்கான நாள், திதியா ஆங்கிலத் தேதியா என்பதும் அவர் வீட்டு வழக்கம்.

"காசு யார் பாக்கெட்டுக்கு" என்பதற்கு நேரடியாகப் பதிலே இல்லை. வங்கியில் கட்டிய தேதி அதைச் சொல்லிவிட்டது. "தங்கள் குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றது" என்று ஒரு வரி சேர்க்க அலுவலகத்தில் யாராவது ஆசைப்படுவார்கள். அந்த வரி வந்துவிட்டால் பதில் முழுவதும் அதற்காகவே எழுதியது போல ஆகிவிடும்.

8. எழுதக் கூடாதவை

"நேரில் வந்து கேட்டிருக்கலாமே." நம் பக்தர் நேரில் கேட்டார், அப்புறம் வரச் சொன்னார்கள். பெரும்பாலான பொதுப் புகார்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கவுன்டர் இருக்கும்.

"அவதூறு பரப்புவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்." ரசீதோடு கேள்வி கேட்பவருக்கு இதை எழுதினால் நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். சிவப்பு முத்திரையில் "வதந்தி" என்று குத்திய போஸ்டர்களும் இதே ரகம். பக்தர் சொன்னதில் பாதி உண்மையாக இருக்கும்போது அந்த முத்திரை நிர்வாகத்தின் மேலேயே திரும்பும்.

நீதிமன்றத்தில் இருக்கும் நில வழக்கு, நகை சரிபார்ப்பு, ஊழியர் மீதான விசாரணை போன்றவற்றில் விவரம் எழுத முடியாது. அப்போது "வழக்கு நிலுவையில் இருப்பதால் இதைப் பற்றி இங்கே எழுத இயலாது" என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். அந்தக் கூற்றை மட்டும் நைசாக விட்டுவிட்டு மற்றதற்குப் பதில் எழுதுவதைவிட இது நல்லது. விட்டதைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள்.

இன்னொன்று, ஸ்தல புராணமும் நிர்வாகத்தின் சாதனைப் பட்டியலும். கடந்த ஆண்டு எத்தனை லட்சம் பேருக்கு அன்னமிட்டோம் என்பது அந்த நூற்று ஒன்றாவது ஆளுக்குப் பதில் ஆகாது.

9. ஒப்புதலும் வெளியீடும்

வரைவை இருவர் படிக்க வேண்டும். கணக்கர் எண்களையும் தேதிகளையும் பதிவேட்டோடு வைத்துப் பார்ப்பார். செயல் அலுவலர் வாக்குறுதிகளைப் பார்ப்பார்: 20-ஆம் தேதிக்குள் உத்தரவு போட முடியுமா, மேலிட அனுமதி ஏதும் வேண்டுமா? முடியாது என்றால் தேதியை மாற்றுங்கள், வாக்கியத்தை மழுப்பாதீர்கள். எழுதிய இரவே வெளியிடாமல் காலையில் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

புகார் எந்த இடத்தில் வந்ததோ அங்கேயே பதில் போக வேண்டும். பக்தரின் சொந்தப் பதிவில் கருத்திட முடியவில்லை என்றால் கோயில் பக்கத்தில் போட்டு, அதன் சுட்டியை அவருக்கு அனுப்புங்கள். எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 குறிகள்தான். தமிழில் புள்ளியும் கொம்பும் தனிக் குறியாக எண்ணப்படுவதால் "கோயில்" என்பதே ஆறு. அங்கே சுருக்கி எழுதிப் பொருளைக் கெடுக்காமல், இரண்டு வரி எழுதி முழுப் பதிலின் படத்தை இணையுங்கள். கூகுள் மேப்ஸ் மதிப்புரைக்கு ஒரு பதில்தான் போட முடியும், எனவே முதல் பதிலைப் பின்னர் திருத்தி முழுப் பதிலாக்கிக்கொள்ளுங்கள்.

வெளியிட்ட பிறகு பிழை கண்டால் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். ஃபேஸ்புக்கில் திருத்த வரலாற்றை யாரும் பார்க்கலாம். கீழே "திருத்தம்: டோக்கன் முடிந்த நேரம் 12.35 அல்ல, 12.40" என்று தனி வரியாகச் சேருங்கள்.

10. பதிலுக்குப் பிறகு வரும் கருத்துகள்

வருவனவற்றில் மூன்று வகைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: அந்தப் பக்தர் கேட்கும் கேள்வி, இதே போல் தன் ரசீதிலும் தவறு என்று சொல்பவரின் புகார், தவறான எண்ணோ தேதியோ உள்ள கருத்து. இரண்டாவது வகை முக்கியம். ஒருவருக்கு இனம் மாறியிருந்தால் வேறு சிலருக்கும் மாறியிருக்கும். ரசீது எண்ணை மட்டும் தனிச்செய்தியில் கேட்டு வாங்குங்கள். அந்த மாதத்துப் பொது நன்கொடை ரசீதுகளை எல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோயில்கள் அரசிடம் இருக்கலாமா கூடாதா என்ற வாதம் எப்படியும் வந்து சேரும். அது கொள்கை விவாதம். கோயில் பக்கம் அதில் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, லைக்கும் போடக் கூடாது. அப்படிப்பட்ட கருத்துகளை நீக்கவும் வேண்டாம். கெட்ட வார்த்தை, சாதி வசை, ஊழியரின் வீட்டு விவரம் ஆகியவை இருந்தால் மட்டும் நீக்குங்கள். எதற்காக நீக்கினோம் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

சிலர் "முழு அன்னதானக் கணக்கையும் இங்கே போடு" என்பார்கள். கருத்துப் பகுதியில் கணக்குப் புத்தகத்தைக் கொட்ட முடியாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோயிலின் பொதுத் தகவல் அலுவலருக்கு எப்படி எழுதுவது, பதிலுக்கு 30 நாள் அவகாசம் என்பதைச் சொல்லுங்கள். விரட்டும் தொனியில் சொல்லாதீர்கள், முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் வரவு செலவு என்றால் அதன் படத்தையே போட்டுவிடலாம்.

11. சொன்ன தேதியில் திரும்பி வருவது

பெரும்பாலான அலுவலகங்கள் கோட்டை விடுவது இங்கேதான். பதிலுக்கு நல்ல வரவேற்பு கிடைத்ததும் கோப்பு மூடப்படும், 20-ஆம் தேதி யாருக்கும் நினைவிருக்காது. அதனால் பதில் வெளியிட்ட அன்றே அந்தத் தேதியைச் செயல் அலுவலரின் மேசை நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். உத்தரவு தயாரானால் அதே இடத்தில் எண்ணோடும் தேதியோடும் இரண்டு வரி போடுங்கள். தயாராகாவிட்டாலும் அன்றே, "உத்தரவு இன்னும் வரவில்லை, 27-ஆம் தேதிக்குள் வரும்" என்று எழுதுங்கள்.

கோப்பில் வைக்க வேண்டியவை: முதல் ஸ்கிரீன்ஷாட், இரண்டு பதில்கள், அடிக்கட்டை நகல், சலான் நகல், ஊழியரின் எழுத்து விளக்கம், கேமரா பதிவு எந்த வட்டில் இருக்கிறது என்ற குறிப்பு, மாற்று உத்தரவு. தணிக்கைக்கு வருபவர் பொதுக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் ஏன் வெளியே போனது என்று கேட்பார், அப்போது இந்தக் கோப்பைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கவுன்டர் மென்பொருளில் "பொது நன்கொடை" தானாக முதலில் வந்து நிற்கிற மாதிரி அமைத்திருந்தால், அதையும் இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். இனத்தைத் தேர்ந்தெடுக்காமல் ரசீது அச்சாகக் கூடாது.